விதி யாரைக் கட்ட வேண்டும்?

1929 நவம்பர் இறுதியில் தென் துருவத்தின் மேலே முதன்முதலாக ஒரு விமானம் பறந்தது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ரிச்சர்ட் பேர்ட் தலைமையில் நடந்த பயணம் அது. விமானத்தை ஓட்டியவர் நார்வேயில் பிறந்த பெர்ன்ட் பால்கென். அமெரிக்கக் குடிமகனாக விரும்புவதாக அவர் 1927இலேயே முறைப்படி அறிவித்திருந்தார். துருவத்தைத் தாண்டி உயிரோடு திரும்பிவந்த அவருக்குக் குடியுரிமை அலுவலகம் கையை விரித்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் இடைவெளியின்றி அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அண்டார்க்டிகாவில் இருந்த காலத்தில் அவர் நாட்டில் இல்லை என்பது அலுவலகத்தின் முடிவு.

பால்கென் போனது அமெரிக்கக் கொடி பறந்த கப்பலில். போனது அமெரிக்கர்களின் பயணத்துக்காக. தங்கிய முகாமுக்கே ‘லிட்டில் அமெரிக்கா’ என்றுதான் பெயர். அலுவலகம் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பனி நிலம் அமெரிக்க மண்தானா என்பது நாடுகளுக்கு இடையிலான கேள்வி, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. கடைசியில் நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச் சட்டம் இயற்றித்தான் அவர் குடிமகன் ஆனார்.

இந்தச் சம்பவத்தைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அரசு அலுவலகங்களில் விதிகள் எப்படித் திசைமாறுகின்றன என்பதை விளக்க இன்றும் பலர் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குடியுரிமை அலுவலர்களை மெர்டன் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான். ஓர் அலுவலகம் சீராக நடக்க வேண்டுமானால் அதன் ஊழியர்கள் விதியை மதிக்கப் பழக வேண்டும். அதற்காகவே பயிற்சியும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் அமைக்கப்படுகின்றன. அந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிய பிறகு, விதி எதற்காக வந்தது என்பது மறைந்துபோய், விதியைக் காப்பதே வேலை என்று ஆகிவிடுகிறது. கெட்ட அலுவலகத்தைவிட ஒழுங்கான அலுவலகத்துக்கே இந்த நோய் எளிதில் வரும்.

அப்படியானால் விதிகளை ஏன் இவ்வளவு இறுக்கமாக வைத்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள மெர்டனுக்கு ஒரு தலைமுறை முன்னால் வாழ்ந்த மாக்ஸ் வேபரிடம் போக வேண்டும். இந்த ஜெர்மானிய அறிஞர் 1920இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளை மனைவி மரியானே வேபர் தொகுத்து வெளியிட்ட பெருநூலில்தான் அரசு அலுவலகம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் வரையறுத்த அதிகாரம், மேலதிகாரி கீழதிகாரி என்ற படிநிலை, எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கும் கோப்பு, தேர்வு எழுதித் தகுதி பெற்ற முழுநேர ஊழியர், பதவி அவருடைய சொந்தச் சொத்து அல்ல என்ற தெளிவு, எல்லோருக்கும் பொதுவான விதி ஆகியவற்றை நவீன அலுவலகத்தின் அடையாளங்களாக அவர் குறித்தார்.

இன்று இவை சாதாரணமாகத் தெரிகின்றன. வேபர் காலத்தில் அப்படி இல்லை. பிரான்சில் பல நூற்றாண்டுகள் நீதிபதிப் பதவியும் வரி வசூல் பதவியும் விலைக்கு விற்கப்பட்டன. 1604இல் மன்னர் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரியாகக் கட்டினால், அந்தப் பதவியைப் பிள்ளைக்கு விட்டுச்செல்லலாம். அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி அஞ்சலகம் முதல் சுங்கச்சாவடி வரை தன் ஆட்களை நிரப்பியது. 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டவன், தனக்கு அரசுப் பதவி கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்தில் இருந்தவன். அந்தக் கொலை நாட்டை உலுக்கியதன் விளைவாக 1883இல் தேர்வு மூலம் ஊழியர்களை எடுக்கும் சட்டம் வந்தது. 1904இல் அமெரிக்காவைச் சுற்றிப்பார்த்த வேபர், கட்சிக்காரர்களுக்குப் பதவியைப் பங்கிடும் இந்த முறையைப் பிற்காலத்தில் விரிவாகப் பேசியிருக்கிறார்.

ஆக வேபரின் விதி முதலில் கட்டியது அலுவலரைத்தான். எதிரில் நிற்பவர் என் சாதிக்காரரா, என் கட்சியா, காசு கொடுப்பாரா என்று பார்க்காமல், கோபமும் சலுகையும் இல்லாமல் முடிவெடுக்கும்படி அது அவரை நிர்ப்பந்தித்தது. செல்வாக்கு இல்லாதவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. விதி என்றாலே எரிச்சல்படுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. வேபர் மறுபக்கத்தையும் கண்டார். மனிதர்களைத் தனக்குள் பூட்டிவைக்கும் இரும்புக் கூடாக இந்த ஒழுங்கு மாறலாம் என்று அஞ்சினார். ஆனால் அந்தக் கூட்டின் கதவு எங்கே வைக்கப்பட வேண்டும் என்று அவர் விரிவாகச் சொல்லவில்லை.

அந்தக் கதவு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை அண்மைக்காலத்தில் நெதர்லாந்தில் நடந்த ஒரு விவகாரம் துல்லியமாகக் காட்டுகிறது. ஊழல் குறைந்த, கோப்பு ஒழுங்காக இருக்கும் நாடு என்று உலகம் மதிக்கும் நாடு அது. அங்கே பல்லாயிரம் குடும்பங்கள் அரசின் குழந்தைக் காப்பக உதவித்தொகையால் கடனில் மூழ்கின. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை முழுவதும் அதற்காகப் பதவி விலகியது.

திட்டம் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் செலவின் பெரும்பகுதியை அரசு தரும். வருமானம் குறைவு என்றால் உதவி அதிகம். மீதிச் சிறுபங்கைப் பெற்றோர் கட்ட வேண்டும். இந்த வேலை வரித்துறையிடம் தரப்பட்டது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் போக வேண்டும் என்பதால், முதலில் முன்பணம் கொடுப்பது, ஆண்டு முடிந்த பிறகு உண்மையான வருமானத்தையும் செலவையும் வைத்துக் கணக்கை நேர்செய்வது என்பது ஏற்பாடு. அதனால் ஏதாவது பிழை வெளிப்பட்டால் அது ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துத்தான் வெளிப்படும். அதற்குள் பணம் காப்பகத்துக்குப் போய்ச் செலவாகியிருக்கும்.

இங்கேதான் இறுகிய விதி வந்தது. பெற்றோர் தம் பங்கை முழுதாகக் கட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் என்ன ஆகும்? எண்களை எளிமையாக்கி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக் காப்பகச் செலவு 12,000 யூரோ. அரசு தருவது 10,000. குடும்பம் கட்ட வேண்டியது 2,000. அந்தத் தாய் 1,700 கட்டியதற்கு ரசீது வைத்திருக்கிறார். 300 யூரோ கட்டவில்லை, அல்லது கையில் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சான்று இல்லை. நியாயமாகப் பார்த்தால், சான்றுள்ள மொத்தச் செலவு 11,700. அது முழுச் செலவில் 97.5 விழுக்காடு. உதவியும் அதே விகிதத்தில் 9,750 ஆகும். அவர் திருப்ப வேண்டியது 250 யூரோ. ஆனால் வரித்துறை கேட்டது 10,000 யூரோவையும். தன் பங்கை முழுதாகக் கட்டாதவருக்கு அந்த ஆண்டு உதவி பெறவே உரிமை இல்லை என்று அது விதியை வாசித்தது. எல்லாம் உண்டு, இல்லையேல் எதுவுமே இல்லை.

இப்படி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்டால் தொகை பல பத்தாயிரம் யூரோ ஆகிவிடும். இப்படி மாட்டிக்கொண்டவர்களில் பலர் வருமானம் குறைந்தவர்கள், தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்மார்கள். அதன் மேல் இன்னொரு விதி. வேண்டுமென்றே தவறு செய்தவர், அல்லது கடும் அலட்சியம் காட்டியவர் என்று முத்திரை விழுந்தால், வருமானத்துக்கு ஏற்றபடி தவணையில் கட்டும் வசதி கிடைக்காது. கடன் பெரிதாக இருப்பதே அந்த முத்திரைக்குப் பல நேரம் காரணமாகக் கொள்ளப்பட்டது. கடன் பெரிதானதோ முதல் விதியால். ஒரு விதியின் விளைவு அடுத்த விதிக்கு ஆதாரமாகிப் பூட்டின் மேல் பூட்டு விழுந்தது. சம்பளம் பிடித்தம் செய்யப்பட்டது, வேலை போனது, வீடு போனது, மணவாழ்க்கை முறிந்தது என்று அந்தக் குடும்பங்கள் பின்னால் சொன்ன கதைகளைப் படிப்பது எளிதல்ல.

இந்த இறுக்கத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. பல்கேரியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, ஒரு முகவரியில் பதிவுசெய்து, உதவித்தொகையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிய ஒரு மோசடிக் கும்பலின் செய்தி 2013இல் தொலைக்காட்சியில் வந்தது. நாடாளுமன்றம் கொதித்தது. ஒருவரும் இனி ஏமாற்றக் கூடாது என்று எல்லாக் கட்சிகளும் கேட்டன. வரித்துறைக்குள் மோசடி தேடும் தனிக் குழு முடுக்கிவிடப்பட்டது. ஐந்தோவன் நகரை ஒட்டி நடந்த ஒரு காப்பக முகமை மீது சந்தேகம் எழுந்தபோது, விசாரணை முடியும் முன்பே 2014இல் அதைப் பயன்படுத்திய இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் உதவி நிறுத்தப்பட்டது. அவர்களில் பலர் வெளிநாட்டுப் பூர்வீகம் கொண்டவர்கள்.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். நெதர்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசுப் பேரவை பல ஆண்டுகள் வரித்துறையின் வாசிப்பையே ஆமோதித்தது. சட்டம் கட்டாயமாகச் சொல்கிறது, தண்டனையின் அளவு தவறின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எங்களுக்கு இடமில்லை என்பது அதன் நிலை. பால்கென் வழக்கில் குடியுரிமை அலுவலகம் எடுத்த அதே நிலை. ஒரு விதியை வைத்து எதிரில் இருப்பவரின் நிலைமையைப் பார்ப்பதற்கான கேள்வியையே வாசலில் நிறுத்திவிடுவது.

2019 அக்டோபர் 23 அன்று அதே நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. விகிதப்படி கணக்கிட்டால் போதும் என்றது. இதில் கவனிக்க வேண்டியது, இடையில் சட்டத்தின் வாசகம் மாறவில்லை என்பது. அதே வரிகள்தான். திருப்பவேண்டிய தொகையை முழுதாகத் திருப்ப வேண்டும் என்று சட்டம் சொன்னது. திருப்பவேண்டிய தொகை எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதில் இடம் இருந்தது. அந்த இடத்தைத் துறையும் நீதிமன்றமும் சேர்ந்து அடைத்துவைத்திருந்தன. நீண்ட காலம் கடுமையான வாசிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று 2021 நவம்பரில் அந்த நீதிமன்றத்தின் தலைவர் வெளிப்படையாக வருந்தினார். சட்டம் கையைக் கட்டிவிட்டது என்று ஓர் அலுவலகம் சொல்லும்போது, உண்மையிலேயே சட்டம் கட்டியதா, அலுவலகமே கட்டிக்கொண்டதா என்று மூல வாசகத்தை எடுத்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

இந்த விவகாரத்தை ‘விதிகள் அதிகமானதால் வந்த கேடு’ என்று பலர் சுருக்குகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கிறிஸ் ஃபான் டாம் தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் தந்த அறிக்கையையும் அதற்கு முன்பு வந்த விசாரணைகளின் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. பெற்றோரிடம் விதியின் ஒவ்வோர் எழுத்தையும் எதிர்பார்த்த அலுவலகம், தன்னைக் கட்டும் விதிகளைத் தாராளமாகத் தளர்த்திக்கொண்டது.

பெற்றோர் சான்றுக் கட்டுகளை அனுப்பினார்கள். போதவில்லை என்று பதில் வந்தது. எந்தத் தாள் குறைகிறது என்று பல கடிதங்களில் சொல்லப்படவில்லை. முடிவை எதிர்த்து அவர்கள் கொடுத்த மனுக்கள், சட்டம் குறித்த கெடு தாண்டியும் கிடந்தன. தங்கள் கோப்பைக் கேட்டவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிய தாள்கள் வந்தன. யாரைச் சோதனைக்கு எடுப்பது என்பதில் விண்ணப்பதாரரின் குடியுரிமை ஓர் அளவுகோலாகப் பயன்பட்டது சட்டவிரோதம், பாகுபாடு என்று தனிநபர்த் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020இல் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு 27.5 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

காரணத்தை எழுத்தில் தருவது, கோப்பை முழுதாக வைப்பது, கெடுவுக்குள் பதில் சொல்வது, ஆள் யார் என்று பார்க்காமல் நடத்துவது ஆகிய எல்லாமே வேபர் சொன்ன அலுவலகத்தின் அடிப்படை. இறுக்கம் தேவைப்பட்ட இந்த இடங்களில்தான் அந்தத் துறை நெகிழ்ந்தது. நெகிழ்ந்திருக்க வேண்டிய ஓரிடத்தில், அதாவது பிழைக்கும் விளைவுக்கும் உள்ள அளவில், கல்லாக நின்றது. விதி மேசைக்கு உள்பக்கம் இருப்பவரையும் வெளிப்பக்கம் நிற்பவரையும் சேர்த்துக் கட்டும்வரை அது ஏழைக்குக் காவல். வெளிப்பக்கம் நிற்பவரை மட்டும் கட்டத் தொடங்கினால், பழைய காலத்து அதிகாரியின் தன்னிச்சை வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அதே திட்டத்திலேயே இறுகிய விதி நன்மை செய்த இடமும் இருக்கிறது. எந்த வருமானத்துக்கு எத்தனை விழுக்காடு உதவி என்பது அட்டவணையில் அச்சிட்டிருந்தது. எந்த எழுத்தரும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்கள் ஒரே தொகையைப் பெற்றன. யாரையும் பார்க்க வேண்டியதில்லை, சிபாரிசு வேண்டியதில்லை. இதை அலுவலரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் நகர்ந்தே இருக்காது. நகர்ந்தாலும் பேசத் தெரிந்தவருக்கே கிடைத்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. அட்டவணை பயன்படும் இடத்தில் வழக்குகள் ஒன்றுபோல இருக்கின்றன, தவறு நேர்ந்தாலும் சிறியது, எளிதில் திருத்தலாம். மீட்பு நடவடிக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு, தவறினால் வாழ்க்கையே சாயும். அந்த இடத்தில் கடுமையான நேர்வுகளுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு சட்டத்தில் இல்லை. 2020இல்தான் சேர்க்கப்பட்டது.

உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. துறையின் சட்ட ஆலோசகர் சாண்ட்ரா பால்மென் 2017 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். ஐந்தோவன் குடும்பங்கள் விஷயத்தில் துறை தவறு செய்திருக்கிறது, அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு மேலே போய்ச் செயலாகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசியக் குறைதீர்ப்பாளரின் அறிக்கையும் துறையின் நடத்தையைக் கடுமையாக விமர்சித்தது. பிறகும் ஆண்டுகள் ஓடின. வழக்கறிஞர் ஏவா கொன்சாலஸ் பேரெஸ் நீதிமன்றத்திலும், பீட்டர் ஓம்ட்சிக்ட், ரென்ஸ்கே லைதன் ஆகிய உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலும் விடாமல் கேள்வி கேட்டதால்தான் கோப்புகள் வெளியே வந்தன. மெர்டனின் கட்டுரைக்கு இது ஒரு முக்கியமான திருத்தம் என்று நினைக்கிறேன். விதிப்பற்று எல்லா ஊழியரின் மனத்தையும் மூடிவிடுவதில்லை. கீழே ஒருவர் கண்டதை மேலே கொண்டுபோகும் வழி அடைபடும்போதுதான் விதி கெட்டியாகிறது. ஓர் அலுவலகம் இந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று அறிய வேண்டுமானால், அது தள்ளுபடி செய்த மனுக்களின் பதில்களை எடுத்துப் படிக்கலாம். வேறு வேறு மனிதர்களின் வேறு வேறு நிலைமைக்கு ஒரே பத்தி திரும்பத் திரும்பப் பதிலாகப் போயிருந்தால் அங்கே யாரும் கோப்பைப் படிக்கவில்லை.

அரசு செய்த பரிகாரத்திலும் இதே கேள்வி திரும்ப வந்தது. பாதிக்கப்பட்டவர் என்று உறுதியான ஒவ்வொரு பெற்றோருக்கும், இழப்பு எவ்வளவு என்று ஆராயாமல், 30,000 யூரோ தருவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். ஏற்கெனவே சான்று கேட்டுச் சான்று கேட்டுக் களைத்துப்போன மக்களிடம் மீண்டும் ரசீது கேட்கக் கூடாது என்ற எண்ணம். சமமான, இறுகிய, எளிய விதி. சில நூறு யூரோ சிக்கலில் மாட்டியவருக்கு அது தாராளம். வீட்டையும் வேலையையும் இழந்தவருக்கு அது போதவே போதாது. 60,000 பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்கப்பட்டார்கள். அத்தனை பேரையும் வகைப்படுத்தும் வேலையில் அலுவலகம் திணறியது. உண்மையான இழப்பைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டிய, மிகக் கடுமையாக அடிபட்ட குடும்பங்கள் வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. ஓரளவு வரை எல்லோருக்கும் ஒரே தொகை, அதற்கு மேல் அடிபட்டவருக்கு முதல் நாளிலிருந்தே தனி மேசை என்று பிரித்திருந்தால் அந்தக் காத்திருப்பு குறைந்திருக்கும் என்பது என் கருத்து. 2017இல் கிடப்பில் போடப்பட்ட குறிப்பை எழுதிய சாண்ட்ரா பால்மென் 2024 டிசம்பரில் இந்த மீட்புப் பணிக்கே பொறுப்பான துணை அமைச்சராகப் பதவியேற்றார். அப்போதும் பல கோப்புகள் முடியாமலே இருந்தன.